மூக்குத்தியில் எத்தனை கல்? சிறிய படம் பெரிதானால் மங்குவது ஏன்

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் படங்களை அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. இறந்தவர்களின் படத்தைப் பெரிதாக்கித் தரக் கேட்டு யாராவது வாராவாரம் வந்துவிடுவார்கள். பெரும்பாலும் அவர்கள் கையில் இருப்பது கடப்பிதழுக்காக எடுத்த படம். வயதானவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, நேராகப் பார்த்து, தனியாக எடுத்துக்கொண்ட கடைசிப் படம் பல வீடுகளில் அதுவாகத்தான் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஈசூனிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு 16 அங்குல அகலமும் 20 அங்குல உயரமும் உள்ள படம் வேண்டும் என்றார். கடப்பிதழுக்கு இணையத்தில் விண்ணப்பித்தபோது ஏற்றிய படத்தின் கோப்பு கைப்பேசியில் இருந்தது. அதே படத்தின் அச்சுப் பிரதி ஒன்றும் பணப்பையில் இருந்தது. கோப்பை வாங்கி, கேட்ட அளவுக்குத் திரையில் விரித்துக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கையில் இருக்கிற படம் பளிச்சென்று இருக்கிறதே தம்பி. இங்கே ஏன் பனி மூடியது போல இருக்கிறது? அம்மாவின் மூக்குத்தியில் ஏழு கல். ஒன்றுகூடத் தெரியவில்லையே.”

இந்தக் கேள்விக்கு நின்ற நிலையில் ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட முடியாது. அன்று அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் கடப்பிதழுக்கு இணையம்வழி ஏற்றும் படம் 400 பிக்சல் அகலமும் 514 பிக்சல் உயரமும் இருக்க வேண்டும் என்பது குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் விதி. பிக்சல் என்பது படத்தின் ஆகச் சிறிய கட்டம். ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு நிறம். அந்த நிறத்தையும் கோப்பு மூன்று எண்களாகத்தான் வைத்திருக்கிறது: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். கட்டத்தின் இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை என்று சொல்ல அதில் இடமே கிடையாது. கட்டத்துக்குள் எது இருந்தாலும், எல்லாம் கலந்த ஒரு நிறம் மட்டும் பதிவாகும். அப்படிப்பட்ட கட்டங்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் அந்தக் கோப்பில் இருந்தன. அம்மாவின் முகத்தைப் பற்றி அந்தக் கோப்புக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அப்படியானால் கையில் இருந்த சிறிய அச்சு மட்டும் எப்படித் தெளிவாக இருந்தது? அதன் அகலம் 35 மில்லிமீட்டர். அதற்குள் 400 பிக்சல்களை அடுக்கினால் ஒன்றின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு, சுமார் 0.09 மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ளவரின் கண், ஒரு பாகைக் கோணத்தின் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள நுணுக்கம் வரை பிரித்தறியும். படத்தைக் கையில் பிடித்துப் பார்க்கும் 30 சென்டிமீட்டர் தூரத்தில் அந்தக் கோணத்துக்கு ஈடான நீளமும் சுமார் 0.09 மில்லிமீட்டர்தான். அதாவது, கண் எந்த இடத்தில் தோற்றுப்போகிறதோ அதே இடத்தில்தான் படத்தின் விவரமும் தீர்ந்துபோகிறது. அதற்கு மேல் விவரம் இல்லை என்பதைக் கவனிக்கக் கண்ணுக்கு வழியில்லை. சிறிய படம் தெளிவாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

இப்போது அதே படத்தை 16 அங்குல அகலத்துக்கு இழுத்துப் பார்ப்போம். மேலும் கீழும் கொஞ்சம் வெட்டினால் 400-க்கு 500 பிக்சல் கிடைக்கும். சட்டத்தின் வடிவத்துக்கு அது சரியாகப் பொருந்தும். 16 அங்குலம் என்பது 406 மில்லிமீட்டர். அதில் 400 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் ஒரு மில்லிமீட்டர். அளவுகோலை வைத்து எண்ணலாம். பள்ளிப் பிள்ளைகள் வரைபடம் போடும் தாளில் இருக்கும் சின்னக் கட்டத்தின் அளவு அது. கண்ணின் எல்லைக்குள் ஒளிந்திருந்த கட்டம் வெளியே வந்து நிற்கிறது.

நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது எங்கள் தொழிலில் வழக்கமான கணக்கு. அந்தக் கணக்கில் இந்தத் தாளுக்கு 4,800-க்கு 6,000, அதாவது 2 கோடியே 88 லட்சம் புள்ளிகள் தேவை. கையில் இருப்பது 2 லட்சம். அகலத்திலும் உயரத்திலும் பன்னிரண்டு மடங்கு பெரிதாக்குவதால், பழைய ஒரு பிக்சல் இருந்த இடத்தை 144 புதிய பிக்சல்கள் நிரப்ப வேண்டும். அந்த 144-க்கும் சேர்த்து நம்மிடம் உள்ள உண்மையான தகவல் ஒன்றே ஒன்று. மீதி 143-ஐ மென்பொருள் எங்கிருந்தாவது கொண்டுவந்தாக வேண்டும்.

மிக எளிய வழி, பழைய நிறத்தையே 144 முறை எழுதிவிடுவது. அப்படிச் செய்தால் முகம் முழுக்க ஒரு மில்லிமீட்டர் சதுரங்களாகத் தெரியும். கன்னத்தின் வளைவு படிக்கட்டு போல உடைந்து நிற்கும். இதை யாரும் விரும்புவதில்லை. அதனால் பெரும்பாலான மென்பொருள்கள் இரண்டு பிக்சல்களுக்கு நடுவே உள்ள இடத்தை மெல்ல மெல்ல மாறும் நிறங்களால் நிரப்புகின்றன.

அம்மாவின் தலைமுடியின் ஓரத்தை எடுத்துக்கொள்வோம். கடப்பிதழ்ப் படத்தில் பின்னணி வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். அதனால் முடியும் பின்னணியும் சந்திக்கும் இடத்தில் வெளிச்சம் சட்டென்று மாறும். கணக்கு எளிதாக இருக்க, மூன்று எண்களுக்குப் பதிலாக வெளிச்சத்துக்கு ஒரே எண் என்று கொண்டு, முடியின் கடைசிப் பிக்சலின் எண் 40, அதை அடுத்த வெள்ளையின் எண் 220 என்று வைத்துக்கொள்வோம். சிறிய படத்தில் இந்த மாற்றம் ஒரே அடியில் நடந்துவிடுகிறது. பன்னிரண்டு மடங்காக்கும்போது மென்பொருள் இடையில் எழுதுவது இதுதான்: 40, 55, 70, 85, 100, 115, 130, 145, 160, 175, 190, 205, 220. ஒரே தாவலாக இருந்த இடம் ஒரு சரிவாகிவிட்டது. தாளில் அந்தச் சரிவின் அகலம் ஒரு மில்லிமீட்டர். முடி எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் எங்கேயோ என்றுதான் பதில் சொல்ல முடியும். மங்கல் என்று நாம் சொல்வது இந்தச் சரிவைத்தான். முடியின் ஓரத்தில் மட்டுமல்லாமல் இமையிலும் உதட்டின் விளிம்பிலும் நெற்றிப் பொட்டைச் சுற்றியும் இது வந்துவிடுவதால் படம் முழுவதும் பனி மூடியது போல் தோன்றுகிறது.

பக்கத்தில் உள்ள பதினாறு பிக்சல்களைப் பார்த்து வளைகோடாகக் கணக்கிடும் முறைகளும் உண்டு. அவற்றில் சரிவு கொஞ்சம் செங்குத்தாக இருக்கும். ஓரம் சற்றுக் கூர்மையாகத் தெரியும். ஆனாலும் அவை எடுத்துக்கொள்வது அதே 2 லட்சம் பிக்சல்களைத்தான்.

சதுரங்களைவிட மங்கல் மேல் என்று நான் கருதுகிறேன். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன் 1973-இல் ஆபிரகாம் லிங்கனின் முகத்தைப் பெரிய சதுரங்களாக மட்டும் காட்டி வெளியிட்ட படம் மிகவும் பெயர்பெற்றது. கிட்டே நின்று பார்த்தால் வெறும் கட்டங்கள்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ பின்னால் நகர்ந்து நின்றாலோ லிங்கன் தெரிந்துவிடுவார். சதுரங்களின் கூர்மையான ஓரங்கள் படத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்துவிடுகின்றன. அவைதான் முகத்தை மறைக்கின்றன. மங்கலாக்கும்போது அந்தப் பொய்யான ஓரங்கள் மறைந்து, தெரிந்தது மட்டும் மிஞ்சுகிறது.

சரி, மூக்குத்திக்கு வருவோம். கடப்பிதழ்ப் படத்தில் மோவாய் முதல் உச்சந்தலை வரை 25 முதல் 35 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இந்தப் படத்தில் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் இருந்தது, அதாவது சுமார் 340 பிக்சல். உண்மையான தலையின் உயரத்தை 22 சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒரு பிக்சலுக்குள் அடங்கியது அம்மாவின் முகத்தில் 0.6 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான இடம். ஒரு தலைமுடியின் பருமன் பெரும்பாலும் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆகவே ஒரே பிக்சலுக்குள் ஆறு முடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தலாம். இமைமுடி எதுவும் இந்தப் படத்தில் தனியாகப் பதிவாகவே இல்லை. இமையோரத்தில் தோல் கொஞ்சம் கருமையானது என்ற செய்திதான் பதிவாகியிருக்கிறது.

மூக்குத்தி சுமார் ஆறு மில்லிமீட்டர் அகலம் என்று அக்கா விரலால் காட்டினார். நடுவில் ஒரு கல், சுற்றி ஆறு கல், ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர். படத்தில் முழு மூக்குத்திக்கும் கிடைத்தது ஒன்பது பிக்சல் அகலம். ஒரு கல்லுக்கு மூன்று. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள தங்கக் கம்பி ஒரு பிக்சலைவிட மெல்லியது. கம்பியின் நிறமும் கல்லின் ஒளியும் ஒரே கட்டத்துக்குள் விழுந்து கலந்துவிட்டன. திரையில் அந்த இடத்தை மட்டும் விரித்துக் காட்டினேன். வெளிறிய மஞ்சளாக ஒரு திட்டு, நடுவில் கொஞ்சம் வெளுப்பு. அவ்வளவுதான் இருந்தது.

கலந்ததை மறுபடி பிரித்துவிட முடியாதா என்று பலரும் கேட்பார்கள். நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சுருக்கும் ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். நான்கில் இரண்டு 40, இரண்டு 220. சராசரி 130. இந்த இரண்டு கறுப்பும் இரண்டு வெள்ளையும் மேலே கீழே இருக்கலாம், இடது வலதாக இருக்கலாம், மூலைக்கு மூலை இருக்கலாம். மொத்தம் ஆறு விதமாக அடுக்கலாம். ஆறுக்கும் விடை 130. நான்குமே 130-ஆக, வெறும் சாம்பல் நிறமாக இருந்திருந்தாலும் விடை அதே 130. கோப்பில் எழுதியிருப்பது 130 மட்டும். அது புருவத்தின் ஓரமா, தோலின் நிழலா, கம்பியும் கல்லுமா என்று அந்த எண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டு பிள்ளைகளின் சராசரி மதிப்பெண் 60 என்று தெரிந்தால் ஒவ்வொருவரும் எவ்வளவு வாங்கினார்கள் என்று கண்டுபிடிக்க முடியாததைப் போன்றதுதான் இது.

படம் எடுத்த நிமிடத்தில் இந்த விவரங்கள் கேமராவிடம் இருந்திருக்கும் என்பதுதான் எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. 24 மெகாபிக்சல் கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் படம் 4,000-க்கு 6,000 பிக்சல். அதில் தலையையும் தோளையும் மட்டும் வெட்டி 2,800-க்கு 3,600 எடுத்தார்கள் என்று வைத்துக்கொண்டால், அதை 400-க்கு 514 ஆக்க ஒவ்வொரு பக்கமும் ஏழில் ஒன்றாகச் சுருக்க வேண்டும். நாற்பத்தொன்பது பிக்சல்கள் கலந்து ஒன்றாகின்றன. கடப்பிதழுக்கு அந்த அளவே போதும், அதில் தவறு ஒன்றும் இல்லை. வீட்டில் இருப்பவர்களுக்குச் சுருக்கிய கோப்பு மட்டும் வந்து சேர்கிறது, பெரிய கோப்பு ஸ்டூடியோவின் கணினியோடு நின்றுவிடுகிறது என்பதுதான் சங்கடம். அதனால் யார் வந்தாலும் முதலில் நான் கேட்பது, “படம் எடுத்த கடையில் பெரிய கோப்பு இருக்கிறதா என்று விசாரித்தீர்களா?” என்பதுதான். அக்காவின் அம்மா படம் எடுத்த கடை மூடிப் பல நாள் ஆகிவிட்டதாம்.

“அப்படியென்றால் இந்தச் சின்னப் படத்தை ஸ்கேன் செய்து பாருங்களேன்” என்று பணப்பையிலிருந்த பிரதியை எடுத்து நீட்டினார். நல்ல யோசனைதான், பலருக்கும் தோன்றுவதுதான். என் ஸ்கேனர் ஓர் அங்குலத்துக்கு 1,200 புள்ளி படிக்கும். 35 மில்லிமீட்டர் அகலத்தில் சுமார் 1,650 பிக்சல் வரும். 400 எங்கே, 1,650 எங்கே. ஆனால் அந்தச் சின்னப் பிரதியை அச்சிட்ட இயந்திரம் அங்குலத்துக்கு 300 புள்ளி வைக்கிறது. அந்த அளவு தாளில் அது வைக்கக்கூடியதே சுமார் 413-க்கு 531 புள்ளிகள். கோப்பில் இருந்ததும் ஏறக்குறைய அவ்வளவே. ஸ்கேனர் ஒவ்வொரு அச்சுப் புள்ளியையும் பதினாறு பிக்சலாகப் படித்துக் கொடுக்கும். கூடவே தாளின் சொரசொரப்பையும் தூசியையும் சேர்த்துக் கொடுக்கும். பிக்சல்களின் எண்ணிக்கை கூடுகிறது, அம்மாவைப் பற்றிய செய்தி கூடவில்லை.

இதை அவருக்குக் கண்ணால் காட்ட ஒரு சோதனை செய்தேன். வீட்டிலும் யாரும் செய்து பார்க்கலாம். ஸ்கேன் செய்த 1,650 பிக்சல் படத்தின் ஒரு நகலை 400 பிக்சலாகச் சுருக்கிச் சேமித்தேன். பிறகு அதையே மறுபடி 1,650 ஆக விரித்தேன். முதல் படத்தையும் இதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் முகத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தாளின் சொரசொரப்பு மட்டும் போயிருந்தது. சுருக்கும்போது எதுவும் தொலையவில்லை என்றால், தொலைப்பதற்கு அதில் எதுவும் இருந்திருக்கவில்லை. ஒரு பெரிய கோப்பு உண்மையிலேயே பெரியதா, யாரோ இழுத்துப் பெரிதாக்கியதா என்று சந்தேகம் வந்தாலும் இதே சோதனைதான் சொல்லும். உண்மையான பெரிய படமாக இருந்தால், சுருக்கி விரித்ததும் இமையும் முடியும் மங்கிவிடும்.

கூர்மையாக்கும் கருவியைப் பயன்படுத்தலாமே என்றும் கேட்கிறார்கள். அது ஓரங்களில் கறுப்பைக் கொஞ்சம் கறுப்பாக்கி, வெளுப்பைக் கொஞ்சம் வெளுப்பாக்குகிறது. அளவோடு செய்தால் நல்லது. அளவு மீறினால் தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு வரைந்தது போலாகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஜேபெக் கோப்புகள் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகின்றன. கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குச் செய்திச் செயலிகளில் அனுப்பி அனுப்பி வந்த படமாக இருந்தால் இந்தச் சுருக்கம் பலமுறை நடந்திருக்கும். நாம் பேசும் அளவில் எட்டு பிக்சல் என்பது எட்டு மில்லிமீட்டர். கூர்மையாக்கினால் முகத்தின் மீது இந்த எட்டு மில்லிமீட்டர் கட்டங்களும், தாடையோரத்தில் கொசு மொய்த்தது போன்ற புள்ளிகளும் துலங்கி வந்துவிடும். ஆகவே ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், படமாக அனுப்பாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

மங்கல் எவ்வளவு தொல்லை தரும் என்பது படத்தை எங்கே மாட்டுகிறோம் என்பதையும் பொறுத்தது. கையில் 30 சென்டிமீட்டரில் தெளிவாக இருந்த படம் பன்னிரண்டு மடங்கு பெரிதானால், ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு தள்ளி நின்று பார்க்க வேண்டும். இங்கே சுமார் மூன்றரை மீட்டர். அந்தத் தூரத்தில் ஒரு மில்லிமீட்டர் பிக்சல் மறுபடியும் கண்ணின் எல்லைக்குள் ஒளிந்துகொள்ளும். மண்டபத்தில் மேடையில் வைப்பதானால் இந்தக் கோப்பே போதும். வீவக வீட்டின் கூடத்தில், சாமி அலமாரிக்கு மேலே மாட்டினால், விளக்கேற்றுகிறவர் நிற்கும் இடம் ஒன்றரை மீட்டருக்கு மேல் இருக்காது. அக்கா மாட்ட நினைத்தது அங்கேதான்.

“பழைய ஆல்பம் ஏதாவது இருக்கிறதா அக்கா? ஃபிலிம் சுருள் இருந்தால் இன்னும் நல்லது” என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். தொண்ணூறுகளில் நடந்த அவருடைய திருமணத்தின் நெகட்டிவ்கள். ஃபிலிமில் பிக்சல் கட்டம் கிடையாது, வெள்ளி உப்பின் நுண்துகள்களில் உருவான படம் அது. சாதாரண 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் ஒரு படம் 24-க்கு 36 மில்லிமீட்டர். அதை அங்குலத்துக்கு 2,400 புள்ளி என்று படித்தால் சுமார் 2,270-க்கு 3,400 பிக்சல் கிடைக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய பழைய படம், அண்மையில் எடுத்த டிஜிட்டல் கோப்பைவிட அதிகம் அறிந்துவைத்திருக்கிறது என்பதை நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஒரு படத்தில் அம்மா நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முகம் படத்தின் உயரத்தில் கால் பங்கு, அதாவது 850 பிக்சல். கடப்பிதழ்ப் படத்தைப்போல இரண்டரை மடங்கு. தலையும் தோளும் மட்டும் வெட்டி அதே சட்டத்தின் அளவுக்குப் பெரிதாக்கினால் ஒரு பிக்சல் 0.4 மில்லிமீட்டர்தான். ஒன்றரை மீட்டரில் அது கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. ஒவ்வொரு கல்லுக்கும் இப்போது ஏறக்குறைய எட்டு பிக்சல் இருந்தது.

மூக்குத்தியைத் திரையில் விரித்தேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் விரல் படாமல் ஒவ்வொன்றாக எண்ணினார். நடுக்கல் ஒன்று, சுற்றிலும் ஐந்து. ஆறாவது இருக்க வேண்டிய இடத்தில், கீழ்ப்பக்கம், கருமையாக ஒரு குழி.

“கல்யாண வேலையில் ஒரு கல் உதிர்ந்துபோய்விட்டது. அடுத்த மாதம்தான் தேக்காவில் கொடுத்துக் கட்டி வாங்கினோம். எனக்கே மறந்துவிட்டது தம்பி” என்றார். அந்தக் குழியைச் சரிசெய்ய வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கிறபடியே அச்சிடுங்கள் என்றார்.